போட்டோவில் வந்த கணக்குக்குத் தமிழில் தீர்வு எழுதுவது

கேள்வி: என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. கணக்கு வினாத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி விடை கேட்கிறாள். நான் ஆங்கிலவழியில் படித்தவன். கணக்கு வருகிறது, தமிழில் எழுத வரவில்லை. முழுத் தீர்வையும் பாடநூல் சொற்களோடு எப்படி எழுதுவது?

நான் தமிழ்வழி மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கணக்கு சொல்லித்தருகிறேன். சாயங்காலமானால் போனில் இப்படிப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் படத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெண் அனுப்பிய கணக்கு இது: "60 மீ உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து, ஒரே நேர்கோட்டில் அமைந்த இரு கப்பல்களின் இறக்கக்கோணங்கள் 30°, 45° எனில், கப்பல்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் காண்க. (√3 = 1.732)". தாள் மடிந்திருந்த இடத்தில் ஒரு சொல் மறைந்திருந்தது. கப்பல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, தொலைவுகளைக் கூட்டி 163.92 மீ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறைந்திருந்த சொல் "ஒரே பக்கத்தில்". சரியான விடை 43.92 மீ. அந்தப் பிள்ளை என் விடையை நம்பி நோட்டில் எழுதிவைத்திருந்தாள். அன்றிலிருந்து ஒரு சொல் தெளியாவிட்டாலும் "அந்த வரியை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பும்மா" என்று கேட்டுவிடுகிறேன். பொதுத்தேர்வுத் தாளாக இருந்தால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வினா அச்சாகியிருக்கும். இரண்டும் சேர்ந்து விழும்படி எடுக்கச் சொல்லுங்கள், ஒன்றில் மறைந்தது மற்றதில் தெரியும். மங்கலான படத்தில் 30° என்பது 300 போலத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, சொற்கள். அகராதியைப் பார்த்து மொழிபெயர்க்காதீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பிலும் ஆங்கிலவழிப் பதிப்பிலும் எடுத்துக்காட்டுகளின் எண்கள் ஒன்றேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, இதே மாதிரிக் கணக்கு ஒன்றைத் தேடுங்கள். இந்தக் கணக்குக்கு ஆறாவது பாடமான முக்கோணவியலில் 'உயரங்களும் தொலைவுகளும்' பகுதி. நீங்கள் தேடும் சொல் அங்கே வாக்கியத்தோடு கிடைக்கும்.

அகராதி எங்கே காலை வாரும் என்றால், ஆங்கிலத்தில் 'ஆல்டர்னேட் ஆங்கிள்ஸ்' என்று படித்ததை 'மாற்றுக் கோணங்கள்' என்று எழுதத் தோன்றும். பாடநூல் சொல் 'ஒன்றுவிட்ட கோணங்கள்'. ஒன்றுவிட்ட அண்ணன் என்கிறோமே, அதே 'ஒன்றுவிட்ட'. இன்னொரு இடம் இதைவிட மோசம். 'சிமிலர்' முக்கோணங்களை 'ஒத்த முக்கோணங்கள்' என்று எழுதிவிடுவார்கள். அவை 'வடிவொத்த முக்கோணங்கள்'. வெறும் 'ஒத்த' என்பது 'கரஸ்பாண்டிங்' என்பதற்கு உரியது: ஒத்த கோணங்கள், ஒத்த பக்கங்கள். இரண்டையும் கலந்தால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும்.

சரி, இப்போது தீர்வு. பிள்ளை தாளில் எழுத வேண்டிய வடிவத்திலேயே தருகிறேன்.

தீர்வு:

AB என்பது கலங்கரை விளக்கம் என்க. C, D என்பன இரு கப்பல்களின் நிலைகள் என்க. AX என்பது A வழியே செல்லும் கிடைமட்டக் கோடு.

AB = 60 மீ, ∠XAC = 45°, ∠XAD = 30°

AX ∥ BD என்பதால், ∠ACB = 45°, ∠ADB = 30° (ஒன்றுவிட்ட கோணங்கள்)

செங்கோண முக்கோணம் ABC-யில்,
tan 45° = AB/BC
1 = 60/BC
BC = 60 மீ ... (1)

செங்கோண முக்கோணம் ABD-யில்,
tan 30° = AB/BD
1/√3 = 60/BD
BD = 60√3 மீ ... (2)

CD = BD − BC
(1), (2)-லிருந்து,
CD = 60√3 − 60 = 60(√3 − 1)
= 60(1.732 − 1) = 60 × 0.732 = 43.92

எனவே, இரு கப்பல்களுக்கு இடைப்பட்ட தொலைவு 43.92 மீ.

இதோடு படமும் வரைய வேண்டும். A உச்சி, B அடி, அருகிலுள்ள கப்பல் C, தொலைவிலுள்ளது D. 45°, 30° இரண்டையும் மேலே AX-க்குக் கீழும் கப்பல்களின் இடத்திலும் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். இறக்கக்கோணம் என்பது கிடைமட்டக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் உள்ள கோணம். அதைக் கோபுரத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் குறித்துவிட்டால், 45° கப்பலின் தொலைவு தற்செயலாக 60 என்றே வரும், 30° கப்பலின் தொலைவு மட்டும் 34.64 ஆகிவிடும். கடைசியில் 25.36 கிடைக்கும். வழியெல்லாம் சரியாகத் தெரியும், விடை தப்பு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கப்பல் தள்ளிப்போகப் போக இறக்கக்கோணம் குறையும். 30° கப்பல்தான் தொலைவில் இருக்க வேண்டும். அது 60-ஐ விடக் குறைவாக வந்தால் கோணத்தை இடம் மாற்றிக் குறித்திருக்கிறீர்கள்.

வாக்கிய அமைப்பைக் கவனித்தீர்களா? தமிழில் வினை கடைசியில் வருவதால், நீளமான சமன்பாட்டை வாக்கியத்தின் நடுவில் வைத்தால் படிப்பவர் மூச்சுமுட்டிப்போவார். எனவே "முக்கோணம் ABC-யில்," என்று முடித்துவிட்டு, சமன்பாட்டைத் தனி வரியில் போடுவது வழக்கம். sin, cos, tan தமிழ்வழிப் புத்தகத்திலும் அப்படியேதான் இருக்கும், அவற்றைத் தமிழாக்க வேண்டாம். வேற்றுமை உருபுக்குச் சிறுகோடு: x-ன் மதிப்பு, (1)-ஐ (2)-ல் பிரதியிட. 'சப்ஸ்டிட்யூட்' என்பதற்கு இந்த 'பிரதியிட' என்ற சொல் தினமும் தேவைப்படும்.

இது ஐந்து மதிப்பெண் கணக்கு. படம், 'ஒன்றுவிட்ட கோணங்கள்' என்ற காரணம், அலகோடு கூடிய கடைசி வாக்கியம் மூன்றையும் பிள்ளைகள்தான் விடுவார்கள். √3-ன் மதிப்பு வினாவில் தரப்படாவிட்டால் 60(√3 − 1) மீ என்றே நிறுத்திக்கொள்ளலாம்.

இலங்கையிலிருந்து யாராவது படம் அனுப்பினால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே கர்ணம் என்பது அங்கே செம்பக்கம். நம் கணம் அவர்களுக்குத் தொடை, நம் அணி அவர்களுக்குத் தாயம், கூட்டுத் தொடர்வரிசை கூட்டல் விருத்தி. அந்தப் பிள்ளைக்கு அவளுடைய புத்தகத்தில் உள்ள சொல்லில்தான் எழுதித் தர வேண்டும். உங்கள் அண்ணன் மகளுக்கு இது தேவைப்படாது. அவளிடம் ஆறாவது பாடத்தின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் எழுத ஆரம்பிக்க அதுவே போதும்.