காலி மனையை நேரில் பார்க்கப் போகும்போது டேப்பும் வரைபடமும் கையில் இருக்கட்டும்

கேள்வி: ஒரு காலி மனை பிடித்திருக்கிறது. முடிவெடுக்கும் முன் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அங்கே என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

100 அடி டேப், மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

போனதும் முதலில், காட்டப்படும் மனைதான் காகிதத்தில் இருக்கும் மனையா என்று பாருங்கள். காலி மனைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தரகர் கை காட்டும் இடத்தை அப்படியே நம்பாமல், வரைபடத்தில் தெருமுனை எங்கே என்று பார்த்து அங்கிருந்து மனைகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். முனையிலிருந்து உங்கள் மனை வரைக்கும் டேப்பால் அளந்து, இடையில் உள்ள மனைகளின் முகப்பு அகலங்களைக் கூட்டினால் வரும் தொகையோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது, அல்லது வேறு மனையைக் காட்டுகிறார்கள்.

அடுத்தது அளவு. நான்கு பக்கத்தையும் அளந்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று திரும்பிவிடுபவர்கள் நிறைய. மூலைவிட்டங்கள் இரண்டையும் கட்டாயம் அளக்க வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். முகப்பு 40 அடி, ஆழம் 60 அடி, மொத்தம் 2400 சதுர அடி என்று காகிதம் சொல்கிறது. மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 72 அடி 1 அங்குலம் வரும். ஓரிரு அங்குலம் முன்பின் இருந்தால் அது டேப்பின் தொய்வு. ஆனால் ஒன்று 76 அடி, இன்னொன்று 68 அடி என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. நான்கு பக்கமும் அப்போதும் 40, 60 என்று கச்சிதமாகவே இருக்கும்!

இதில் பரப்பு பெரிதாகக் குறையாது, சுமார் 2383 சதுர அடி இருக்கும். இழப்பு வடிவத்தில்தான். பின்பக்கம் 7 அடிக்குக் கொஞ்சம் மேலாக ஒதுங்கிப் போயிருப்பதால், தெருவைப் பார்த்து நேராக, பின்னெல்லை வரை ஒரு செவ்வகக் கட்டடம் போட நினைத்தால் 40 அடி அகலம் கிடைக்காது, 33 அடிகூட முழுதாக வராது. அதிலும் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைக் கழிக்க வேண்டும். பக்க எல்லையை ஒட்டிக் கட்டினால் இழப்பு குறையும், ஆனால் வீடு தெருவுக்குக் கோணலாக நிற்கும். இந்த மனையை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, விலை பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் டேப்பைத் தரையில் போடாமல் மட்டமாகத் தூக்கிப் பிடித்து அளங்கள். சரிவோடு அளந்தால் உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டும்.

அப்புறம் தண்ணீர். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்துச் சுவர்களின் அடியில் பாருங்கள். ஒரே உயரத்தில் நீளமாகக் கறை ஓடியிருந்தால் அதுவரை தண்ணீர் நின்றிருக்கலாம். வறண்ட காலத்திலும் கோரை அடர்ந்திருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். மனை தெருவைவிட எவ்வளவு தாழ்வு என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 2 அடி தாழ்வு என்றால் 2400 சதுர அடி மனையைத் தெரு மட்டத்துக்குக் கொண்டுவரவே 4800 கன அடி மண் வேண்டும். கொட்டிய மண் இறுகும் என்பதால் அதற்கு மேலும் தேவைப்படும். அந்தச் செலவை மனை விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மேடாக இருக்கும் மனைக்கும் ஒரு சோதனை உண்டு. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஒரு மூலையில் மூன்று நான்கு அடி தோண்டிப் பாருங்கள். உடைந்த செங்கல், பிளாஸ்டிக், துணி என்று வந்தால் அது நிரப்பிய இடம். அஸ்திவாரம் அந்த நிரப்பலில் நிற்கக் கூடாது, அதைத் தாண்டிக் கெட்டியான மண்ணுக்கு இறங்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்று பக்கத்தில் வீடு கட்டியவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

தெருவின் அகலத்தைத் தார் போட்ட பகுதியை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், இரண்டு பக்க எல்லைகளுக்கு இடையே அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மனைக்கும் தெருவுக்கும் நடுவில் வேறொருவர் பெயரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வழி உங்களுடையது இல்லை. மனைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அளவில் ஓர் அடி வித்தியாசம் வந்தாலும் முன்பணம் கொடுக்காமல், உரிமம் பெற்ற நில அளவரை வைத்து விற்பவர் முன்னிலையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.