வாடிக்கையாளரை முதன்முறை நேரில் சந்திக்கச் செல்லும் பெண் கவனிக்க வேண்டியவை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே லேபிள், பேக்கிங் டிசைன் வேலை செய்கிறேன். ஓசூரில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் என்று சொல்பவர் லிங்க்ட்இன் மூலம் அறிமுகமானார். ஒரு மாதமாக வேலை தொடர்பாக மட்டுமே பேசியிருக்கிறோம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நேரில் பேசி முடிக்கலாம், கார் அனுப்புகிறேன் என்கிறார். பெரிய ஆர்டர் என்பதால் விட மனமில்லை, தனியாகப் போகவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: போகலாம். ஆனால் சனிக்கிழமை மாலையில் வேண்டாம், அவர் அனுப்பும் காரிலும் வேண்டாம். இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கேட்பதற்கு முன், அவர் சொல்லும் ஆள்தானா அவர் என்று பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய அரை மணி நேர வேலைதான் அது.

முதலில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பில் போடுவதற்கு எப்படியும் தேவைப்படும் எண் என்பதால் கேட்பதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் அந்த 15 இலக்க எண்ணை இட்டால், நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவான தேதி, முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பவை வந்துவிடும். இதற்கு லாகின் தேவையில்லை. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. ஓசூர் எல்லை ஊர் என்பதால் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 29-இல் தொடங்கும் எண்ணைக் கொடுப்பது இயல்பே. ஆனால் ஓசூரிலேயே தொழிற்சாலை வைத்துச் சரக்கு அனுப்புகிறோம் என்று சொல்பவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பதிவும் இருக்க வேண்டும். அதையும் கேட்டு வாங்கி, அதில் உள்ள முகவரி ஓசூர்தானா என்று பாருங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. ஜிஎஸ்டி எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகும் என்பதால், உண்மையான நிறுவனத்தின் எண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிட முடியும். நிறுவனம் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுமே தவிர, இவர் அங்கே வேலை செய்கிறார் என்பதைக் காட்டாது. ஆகவே அவர் தந்த கைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்திலோ கூகுள் மேப்பிலோ நீங்களாகத் தேடி எடுத்த அலுவலக எண்ணுக்கு வேலை நாளில் பகல் நேரத்தில் அழைத்து, "கொள்முதல் பிரிவில் இன்னார் இருக்கிறாரா, லேபிள் டிசைன் தொடர்பாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். வேலையின் விவரத்தை நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பும்படியும் அவரிடம் சொல்லுங்கள். @ குறிக்குப் பின்னால் வருவது நிறுவனத்தின் இணையதளப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சிறிய நிறுவனங்களில் ஜிமெயில் முகவரியே புழக்கத்தில் இருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் ஜிமெயிலும் இருந்து, அலுவலகத் தொலைபேசியில் அவரைத் தெரியாது என்றும் சொன்னால், சந்திப்பை அத்தோடு விட்டுவிடலாம்.

ஆள் உண்மையானவர் என்று தெரிந்தபின் பலர் நிம்மதியாகி மற்றவற்றைத் தளர்த்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை தருவது. சரிபார்ப்பு அவர் யார் என்பதைச் சொல்லும், அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைச் சொல்லாது. அடையாள அட்டை வைத்திருக்கும் உண்மையான மேலாளரே எல்லை மீறுவதும் உண்டு. ஆகவே இடம், நேரம், வண்டி ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்த நிமிடத்திலும் யாரையும் கேட்காமல் எழுந்து வெளியே வந்து, நீங்களாகவே வீடு திரும்பும் நிலையில் இருக்கிறீர்களா என்பதை வைத்துத்தான் இம்மூன்றையும் தீர்மானிக்க வேண்டும்.

மாலை 6 மணிக்குத் தொடங்கும் பேச்சு முடியவே 8 மணியாகிவிடலாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். அந்தச் சாலையில் பேருந்துக்குக் குறைவில்லை என்றாலும், கிருஷ்ணகிரியில் இறங்கிக் காவேரிப்பட்டணத்துக்கு வண்டி பிடிக்கும் நேரம் இரவாகியிருக்கும். அவர் அனுப்பிய காரில் போயிருந்தால், திரும்புவதற்கும் அந்தக் காரையே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் வீடு எங்கே என்பதும் ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். எனவே வேலை நாளில் காலை 11 மணி என்று கேளுங்கள். "வண்டி வேண்டாம் சார், ஓசூரில் எனக்கு வேறு வேலையும் இருக்கிறது, நானே வந்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் அலுவலகத்திலேயே பார்க்கலாமா? 12 மணிக்கு நான் கிளம்ப வேண்டும்" என்று எழுதினால் போதும். எப்போது கிளம்புவீர்கள் என்பதை இப்போதே சொல்லிவைத்தால், பாதியில் எழுந்திருக்கத் தனிக் காரணம் தேட வேண்டியிருக்காது.

சந்திப்புக்கு அவருடைய தொழிற்சாலை அலுவலகத்தைவிட நல்ல இடம் கிடையாது. சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வாசலில் செக்யூரிட்டி இருப்பார், பதிவேட்டில் உங்கள் பெயர், நேரம், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்பதை எழுதச் சொல்வார், பிறகு உள்ளே அழைத்துக் கேட்பார். அந்த வரியை நீங்களே தெளிவாக எழுதுங்கள், அவர் பெயரை முழுதாக எழுதுங்கள். உள்ளேயிருந்து "அனுப்புங்கள்" என்று பதில் வருவதே இன்னொரு சரிபார்ப்பு. நீங்கள் அங்கே வந்ததற்கு அந்தப் பதிவேடு எழுத்துச் சான்றாகவும் இருக்கும். அலுவலகம் ஒத்துவராவிட்டால், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கல்லாவில் இருப்பவர் கண்ணில் படும்படி உட்காரக்கூடிய உணவகம் போதும். கதவோ திரையோ போட்ட ஃபேமிலி ரூம் வேண்டாம். விடுதி அறை, விருந்தினர் இல்லம், நெடுஞ்சாலையில் தனியாக நிற்கும் தாபா ஆகியவையும் வேண்டாம். தாபாவில் கூட்டம் இருந்தாலும், அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பது கடினம்.

கூட ஒருவரை அழைத்துச் செல்வது தொழில் சந்திப்புக்கு எந்த வகையிலும் இழுக்கல்ல. அச்சு, பேக்கிங் பற்றிப் பேசத் தெரிந்த தோழி இருந்தால் "என்னோடு வேலை செய்பவர்" என்று அறிமுகப்படுத்துங்கள். ஆண் துணை இருந்தால்தான் ஆகும் என்பதில்லை. ஒருவரும் கிடைக்காவிட்டால், தகவல் தெரிந்த ஒருவராவது வெளியே இருக்க வேண்டும். சொன்னால் போகவிட மாட்டார்கள் என்ற பயத்தில் பெண்கள் பலர் வீட்டில் சொல்லாமலே கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பயம் இருந்தால், தடுக்காமல் பொறுப்பாக நடந்துகொள்ளும் அக்காவையோ தோழியையோ தேர்ந்தெடுத்து, அவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். அந்த மேலாளருடைய லிங்க்ட்இன் பக்கம், கைபேசி எண், நிறுவனத்தின் முகவரி, அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவற்றை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். நீங்கள் 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா நின்றாலோ சார்ஜ் தீர்ந்தாலோ அந்தப் புள்ளி நகராது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள், பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள்.

"ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. 12 மணிக்கு நீங்கள் அழைப்பீர்கள். அழைக்காவிட்டால் 12.10-க்கு அவர் உங்களை அழைப்பார். எடுக்காவிட்டால் நிறுவனத்தின் அலுவலக எண்ணுக்கு அழைத்து உங்களைக் கேட்பார். அங்கும் சரியான பதில் இல்லையென்றால் 112 அவசர உதவி எண்ணுக்கு அழைத்து உங்கள் கடைசி இருப்பிடத்தைச் சொல்வார். இப்படி வரிசையாகப் பேசிவைத்தால்தான் அவரும் தயங்காமல் செயல்படுவார். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை முன்தினமே பதிவிறக்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் உள்ள அவசரப் பொத்தான் பதிவு முடிந்தால்தான் பயன்படும்.

இவ்வளவும் ஒத்துக்கொண்ட மனிதர், நீங்கள் ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபின், "ஆபீசில் ஆடிட் நடக்கிறது, கெஸ்ட் ஹவுசுக்கு வந்துவிடுங்கள், டிரைவர் அங்கேயே நிற்கிறார்" என்று செய்தி அனுப்பலாம். பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது இங்கேதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, வேலையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்ற எண்ணம் அந்த நேரத்தில் நம்மைக் காரில் ஏற்றிவிடும். இடம் மாறினால் போவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். "பரவாயில்லை சார், உங்களுக்கு வசதியான இன்னொரு நாளில் அலுவலகத்திலேயே பார்க்கலாம்" என்ற ஒரே வரியை அனுப்பிவிட்டு, அடுத்த பேருந்தில் ஏறிவிடுங்கள். ஏன் வர முடியாது என்று விளக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருக்கும். உண்மையிலேயே ஆடிட் நடந்திருந்தால் அவரே வேறு தேதி கொடுப்பார். கோபப்பட்டாலோ, ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று மிரட்டினாலோ, சந்திப்பு எதற்காக என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

விற்பனையாளர் பதிவுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சந்திப்பில் தொடுதல், ஆபாசப் பேச்சு, வேலைக்கு ஈடாக வேறு எதிர்பார்ப்பு என்று ஏதாவது நடந்தால், உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவின்கீழ் பாலியல் துன்புறுத்தல் குற்றம். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னபின்னும் தொடர்ந்து அழைப்பதும் செய்தி அனுப்புவதும் 78-ஆம் பிரிவில் வரும். சம்பவம் நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எல்லை எதுவானாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையமே ஜீரோ எஃப்ஐஆர் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தனியாகக் காவல் நிலையம் போகத் தயக்கமாக இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழைத்து வழி கேளுங்கள்.

காவல்துறைக்குப் போவதோடு இன்னொரு வழியும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு மட்டுமானதல்ல. அங்கே வேலை செய்யாத பெண்ணும் புகார் கொடுக்க அது இடம் தருகிறது. அலுவலகத்திலேயே சந்தியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். விருந்தினர் இல்லத்திலோ உணவகத்திலோ நடந்தால், அது பணியிடமா என்ற வாதத்தையே முதலில் கடக்க வேண்டியிருக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றாலோ, துன்புறுத்தியவர் முதலாளியே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் புகார் போக வேண்டும். அதை எங்கே கொடுப்பது என்பதைக் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்.