தகட்டுத் தடம் மட்டும் போதாது

"கல்லடியில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களோடு தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அச்சிடும் எச்சிங் முறையில் கோட்டையின் படம் ஒன்று கிடைத்தது. ஓரத்தில் தகடு அழுத்திய தடம் இருக்கிறது. அசல்தானே?"

அந்தத் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். புகைப்படத்தைத் தகட்டில் பொறித்து அச்சிடும் போட்டோகிராவூரிலும் அது வரும், வெற்றுத் தகட்டை அழுத்தியும் உண்டாக்கலாம்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, நகை வேலைக்காரரின் 10 மடங்கு லென்ஸால் வானத்து மெல்லிய கோடுகளைப் பாருங்கள். ஒழுங்கான வரிசைப் புள்ளிகள் தெரிந்தால், படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் அச்சு, சந்தேகமே இல்லை. புள்ளி இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். கோட்டுப்படத்தைப் புகைப்பட முறையில் செய்த லைன் பிளாக்கிலும் புள்ளி வராது.

அப்புறம் ஜன்னலோரம் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். எச்சிங்கில் பள்ளத்து மையைத் தாள் இழுத்தெடுப்பதால் கருங்கோடு மெல்லிய வரம்புபோல எழுந்து நிற்கும். லைன் பிளாக்கில் மை தட்டையாக இருக்கும். கோட்டோரத்தில் பிதுங்கிக் கருத்திருக்கும். எழுந்த கோட்டுக்குள் சீரான மணலோ வலையோ தெரிந்தால், அது போட்டோகிராவூர்தான்.