மேலே ரோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும்போதும் வாலில் விசிறி எதற்கு?

கேள்வி: ஐயா, என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘மேல் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால், கோண உந்தம் மாறாமல் இருக்க ஹெலிகாப்டர் உடல் எதிர்ப்பக்கம் சுற்றும், அதைத் தடுக்கவே வால் ரோட்டார்’ என்று டியூஷன் நோட்ஸில் இருக்கிறது. ‘ரோட்டார் ஒரே வேகத்துக்கு வந்தபிறகு அதன் கோண உந்தம் மாறுவதே இல்லையே, அப்புறம் வால் ரோட்டார் ஏன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்?’ என்று கேட்கிறாள். சாரிடம் கேட்டதற்கு நோட்ஸில் உள்ளதை எழுதச் சொல்லிவிட்டார். பள்ளிக் கண்காட்சிக்கு இதே மாடலைச் செய்து தர ஒரு கடையில் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? — புதுவயல் வாசகி

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அந்த நோட்ஸ் சொல்வது பொய் இல்லை, பாதிக் கதை.

தரையில் நிற்கும் ஹெலிகாப்டரின் ரோட்டார் ஓய்விலிருந்து வேகம் எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு நோட்ஸ் வாசகம் அப்படியே பொருந்தும். ரோட்டாருக்குக் கோண உந்தம், அதாவது சுழலும் பொருளிடம் சேர்ந்திருக்கும் சுழற்சியின் அளவு, கூடுகிறது, உடலுக்கு அதே அளவு எதிர்ப்பக்கம் வர வேண்டும். வேகம் நிலைத்தபிறகு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் இன்ஜின் நிற்கவில்லையே. ரோட்டார் இறக்கைகள் காற்றை வெட்டிக்கொண்டு போகின்றன, காற்று அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் குறையாமல் இருக்க இன்ஜின் ரோட்டாரை விடாமல் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு ஊறுகாய் பாட்டிலின் இறுகிய மூடியைத் திருகிப் பாருங்கள், பாட்டில் கைக்குள் எதிர்ப்பக்கம் வழுக்கும். எவ்வளவு நேரம் திருகுகிறீர்களோ அவ்வளவு நேரமும் பாட்டிலைப் பிடித்தே ஆக வேண்டும். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ஹெலிகாப்டரின் உடலில். பறக்கும்போது அந்த உடலைப் பிடித்துக்கொள்ளத் தரை கிடையாது. பிடிக்கும் வேலை வால் ரோட்டாருக்கு.

அப்படியானால் கோண உந்த விதி என்ன ஆயிற்று என்று அடுத்து கேட்பாள். ஒன்றும் ஆகவில்லை, காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஜின் தரும் கோண உந்தத்தை ரோட்டார் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, வாங்கி வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. ரோட்டாருக்குக் கீழே இறங்கும் காற்று நேராக இறங்காமல் ரோட்டார் சுற்றும் பக்கமே சுழன்றுகொண்டு இறங்கும். காற்றில் ஒரு பக்கம் சேரச் சேர, உடலில் எதிர்ப்பக்கம் சேரப் பார்க்கும். ரோட்டார் வேகம் மாறாவிட்டாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒவ்வொரு நொடியும் நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் கடற்படை பல காலமாகப் பறக்கவிடும் சேத்தக் அளவுள்ள ஒரு ஹெலிகாப்டர் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டார் நிமிடத்துக்கு 350 சுற்று, அதாவது நொடிக்குச் சுமார் 37 ரேடியன். ரோட்டாருக்குப் போகும் திறன் 400 கிலோவாட். திறனைக் கோண வேகத்தால் வகுத்தால் இன்ஜின் முறுக்கும் அளவு, அதாவது திருப்பு விசை, ஏறத்தாழ 11,000 நியூட்டன் மீட்டர். வால் ரோட்டார் நடு அச்சிலிருந்து 6.5 மீட்டர் தள்ளி இருந்தால் அது 1,700 நியூட்டன் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். கிட்டத்தட்ட 170 கிலோ எடை. இதை ஒரு நிமிடம்கூட விடாமல், பறக்கும் நேரம் முழுக்க. வால் இன்னும் குட்டையாக இருந்தால் இன்னும் பெரிய விசை வேண்டும். வால் நீளமாக இருப்பது அழகுக்கு இல்லை.

விமானி மேலே ஏற அதிகத் திறன் கேட்டால் திருப்பு விசையும் கூடும், உடனே அவர் காலடி பெடலை மிதித்துச் சரிசெய்வார். பெடல் வால் ரோட்டாரின் வேகத்தை மாற்றுவதில்லை. அது மேல் ரோட்டாரோடு கியரில் பிணைந்தது, இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். பெடல் மாற்றுவது அதன் இறக்கைகள் காற்றை வெட்டும் கோணத்தை.

யாராவது கடைசிவரை ‘ரோட்டார் சுற்றுவதால்தான் உடல் சுற்றுகிறது’ என்று சாதித்தால், இன்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்போது கீழிருந்து மேலே வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றவைக்கும், விமானி அப்படியே இறங்கிவிடலாம். ரோட்டார் அதே பக்கம், ஏறத்தாழ அதே வேகம். ஆனால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பாது, ஏனென்றால் முறுக்குகிற இன்ஜின் இல்லை. வால் ரோட்டார் பழுதாகி உடல் சுழல ஆரம்பித்தால் விமானிக்குக் கற்றுக்கொடுப்பதும் இதுதான்: இன்ஜின் திறனைக் குறை, சுழற்சியின் காரணம் போய்விடும்.

இப்போது அந்த 4,500 ரூபாய். பெரும்பாலும் இந்தக் கடைகள் மாடல் எதுவும் செய்வதில்லை. ரிமோட் பொம்மை ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கி, தெர்மோகோல் பலகையில் ஒட்டி, பெயர்ச்சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கண்காட்சி சீசனில் டியூஷன் சென்டர் வாசலிலேயே ஆள் நிற்பார், சென்டருக்கும் பங்கு உண்டு. கடையில் பொம்மையைக் கையில் வாங்கி மேலே பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை இருக்கிறதா? ஒன்று ஒரு பக்கம், மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டின் திருப்பு விசையும் ஒன்றையொன்று அடித்துவிடும், அதற்கு வால் ரோட்டாரே தேவையில்லை. நம் கடற்படையின் காமோவ் 31 இந்த வகைதான். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, ஒரு அடுக்கின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி மற்றதைக் குறைக்கும் பொம்மை. மொத்தத் தூக்கல் மாறாது, உடல் மட்டும் திரும்பும்.

ஆனால் வாலில் சின்ன விசிறி இருக்கிறதே என்பீர்கள். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். நிஜமான வால் ரோட்டார் வண்டிச் சக்கரம்போலச் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் தள்ளும். இந்தப் பொம்மைகளில் அது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். வாலைத் தூக்கியும் இறக்கியும் பொம்மையை முன்னும் பின்னும் ஓட்டுவதற்கு மட்டுமே அது. சந்தேகம் இருந்தால் அந்தக் குட்டி விசிறியைக் கழற்றிவிட்டுப் பறக்க விடுங்கள். உடல் சுழலாது, முன்னே போக மட்டும் முடியாது. ‘இதுதான் எதிர் திருப்பு விசையைச் சமன் செய்கிறது’ என்று உங்கள் மகளை மனப்பாடம் செய்யவைத்து, இந்த உண்மை தெரிந்த ஒருவர் நடுவராக வந்துவிட்டால் யாருக்கு அவமானம்? தெரியாத நடுவர் வந்தால் பெயிண்ட்டுக்கும் தோரணத்துக்கும் மார்க் போடுவார் என்பதும் உண்மைதான். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விடுங்கள்.

இன்னொன்று. இத்தகைய கண்காட்சிகளில் ‘ஏவியேஷன் கோர்ஸ், வேலை உறுதி’ என்று நோட்டீஸ் கொடுப்பவர்கள் வருவார்கள். விமானப் பராமரிப்புப் படிப்பு என்றால் அந்த நிறுவனத்துக்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.

சரி, மாடலுக்கு வருவோம். பழுதான ரிமோட் கார் ஒன்று வீட்டில் கிடக்கும். அதிலுள்ள சர்க்யூட் போர்டு, பேட்டரி பெட்டி, மோட்டார் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது சென்டிமீட்டர் மர ஸ்கேலின் நடுவில் போர்டையும் பேட்டரியையும் கட்டி, மோட்டாரின் அச்சு நேர் கீழே பார்க்கும்படி ஒட்டி, நடுவில் மெல்லிய நூல் கட்டித் தொங்கவிடுங்கள். வளவில் வேண்டாம், அங்கே காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டாலையில், மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ரிமோட் எதற்கு என்றால், சுவிட்சைக் கையால் தொட்டாலே ஸ்கேல் ஆடிவிடும்.

முதலில் மோட்டாரில் தண்ணீர் பாட்டிலின் மூடியை மாட்டுங்கள். நடுவில் துளை சரியாக விழ வேண்டும், இல்லையென்றால் உதறும். பட்டனை ஐந்து நொடி அழுத்துங்கள். மூடி வேகம் பிடிக்கும்போது ஸ்கேல் எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, பிறகு வேகம் கூடாமல் மெதுவாகச் சுற்றும். பட்டனை விட்டால் மூடி நிற்கும், கூடவே ஸ்கேலும் ஏறத்தாழ நின்றுவிடும். நோட்ஸில் உள்ள பாதிக் கதை இதுதான்.

அடுத்து மூடிக்குப் பதில் பெரிய புரொப்பல்லர். இப்போது ஸ்கேல் சுற்றுவதோடு, பட்டனை அழுத்தியிருக்கும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும். பட்டனை விட்டால் புரொப்பல்லர் அடங்கும், ஸ்கேல் அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கக் கோண உந்தத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது, ஸ்கேலுக்குத் திருப்பித் தர யாரும் இல்லை. உங்கள் மகளின் கேள்விக்கு விடை இந்த இரண்டு சோதனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. நடுவர் முன்னால் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக வால். இன்னொரு சின்ன மோட்டாரை ஸ்கேலின் ஒரு பக்கத்தில், பக்கவாட்டில் காற்று வீசும்படி கட்டுங்கள். மறுபக்கம் களிமண் வைத்து எடையைச் சமன் செய்யுங்கள். வால் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் காற்று வீச வேண்டும். தவறிப்போனால் ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். வால் இறக்கை சின்னதாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் நடுவுக்கு ஒட்டிக் கொண்டுவந்தாலும் ஸ்கேலை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். கத்தரியால் இரு முனையையும் ஒரே அளவாக நறுக்கி நறுக்கிப் பாருங்கள். பிறகு மோட்டாரை உள்ளே வெளியே நகர்த்தினால் ஓர் இடத்தில் ஸ்கேல் அசையாமல் நிற்கும். அங்கே பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வால் மோட்டாருக்குத் தனி பேட்டரி வைக்காதீர்கள். ஒன்று முந்தி இறங்கினால் சமநிலை இடம் நகர்ந்துவிடும், கோடு போட்டதும் வீண். இரண்டு மோட்டாரையும் போர்டின் ஒரே இணைப்பில் இணையாகக் கொடுங்கள், இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கண்காட்சி அன்று காலை புது பேட்டரி போட்டபின் கோட்டை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.