அடுக்கோட 1 கூட்டிப் பெருக்குனா காரணி எண்ணிக்கை ஏன் வருது?

கேள்வி: ஒரு நம்பரை ஒரே ஒரு விதமாத்தான் பிரைமா உடைக்க முடியும்ங்கிறது தெரிஞ்ச விஷயம்தானே, அதை எதுக்கு நிரூபிக்கணும்? காரணிகளோட எண்ணிக்கை, கூட்டுத்தொகை ஃபார்முலாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்:

சம்பந்தம் ரொம்ப நேரடியானது. அது பொய்யா இருந்தா ஃபார்முலாவே தப்பாப் போயிடும், அப்படி ஆகுற ஒரு இடத்தை முதல்ல பாத்துடலாம்.

4-ஆல வகுத்தா மீதி 1 வர்ற நம்பர்களை மட்டும் எடுத்துக்கங்க: 1, 5, 9, 13, 17, 21... இதுல எந்த ரெண்டைப் பெருக்குனாலும் விடை இந்தக் கூட்டத்துக்குள்ளயேதான் விழும். இங்க 9-ஐ உடைக்க முடியாது, ஏன்னா 3 இதுல கிடையாது. 21, 49 ரெண்டும் அதே கதைதான். ஆனா 441 = 21 × 21, 9 × 49-ம் அதே 441. இப்ப ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டிப் பெருக்குற ஃபார்முலாவைப் போடுங்க: 21²-ன்னு எடுத்தா அடுக்கு 2, அப்ப 3 காரணி; 9 × 49-ன்னு எடுத்தா 2 × 2 = 4 காரணி. நிஜமா எண்ணுனா 1, 9, 21, 49, 441-ன்னு 5 இருக்கு. ரெண்டு பதிலுமே தப்பு!

எங்க உடைஞ்சுதுன்னு பாருங்க: 9 இங்க 21 × 21-ஐ வகுக்குது, ஆனா 21-ஐ வகுக்கல. நம்ம சாதாரண பிரைமுக்கு இது நடக்கவே நடக்காது, அதைத்தான் நிரூபிக்கணும், மத்ததெல்லாம் அதுலேருந்து தானா வந்துடும்.

p ஒரு பிரைம், அது ab-ஐ வகுக்குது, ஆனா a-வை வகுக்கலன்னு வைங்க. p-க்கு 1-ம் p-யும்தான் காரணி, அதனால p-க்கும் a-வுக்கும் பொதுவா 1 மட்டும்தான் இருக்கும். யூக்ளிட் முறையில மாத்தி மாத்தி கழிச்சுக்கிட்டே போனா 1-ல வந்து நிக்கும், அதைத் திருப்பி எழுதுனா px + ay = 1-ன்னு x, y கிடைக்கும் (7-க்கும் 10-க்கும் 7 × 3 − 10 × 2 = 1). ரெண்டு பக்கமும் b-ஆல பெருக்குங்க: pbx + aby = b. இடது பக்கத்துல ரெண்டு உறுப்பையும் p வகுக்குது, அப்ப b-யையும் வகுத்தே ஆகணும். முடிஞ்சுது. இதுக்கு உயிரே கழித்தல்தான், 4-ஆல வகுத்தா மீதி 1 வர்ற நம்ம கூட்டத்துல 21 − 9 = 12 வெளிய போயிடுது, அதனாலதான் அங்க இது வேலை செய்யல.

இனி ஒரே நம்பரை p₁p₂... = q₁q₂...-ன்னு ரெண்டு விதமா பிரைமா உடைச்சிருந்தா, p₁ வலது பக்கத்துல ஏதாவது ஒரு q-வை வகுக்கணும், ஆனா அந்த q-வும் பிரைம், அதனால ரெண்டும் ஒன்னுதான். அடிச்சுட்டு மிச்சத்துக்கும் அதையே பண்ணிக்கிட்டே போனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தீரும். (உடைக்க முடியும்ங்கிறது சுலபம், பிரைம் இல்லன்னா ரெண்டு சின்ன நம்பராப் பிரியும், அதுங்களும் பிரியும், சின்னதாகிக்கிட்டே போறதால எங்கயாவது நின்னாகணும்.)

இப்ப 360 = 2³ × 3² × 5. d இதுக்கு ஒரு காரணின்னா 360 = d × e. d-யையும் e-யையும் தனித்தனியா பிரைமா உடைச்சு சேர்த்து வச்சா அது 360-ஓட அந்த ஒரே உடைப்பாத்தான் இருக்கணும், அதனால d-ல 7, 11 எல்லாம் நுழைய முடியாது, 2 மூணு தடவைக்கு மேல வர முடியாது. 2-க்கு அடுக்கு 0, 1, 2, 3-ன்னு நாலு வாய்ப்பு, 3-க்கு மூணு, 5-க்கு ரெண்டு. அந்த +1 வர்றது 0-ங்கிற அடுக்காலதான், நிறைய பேர் விடுறதும் அதைத்தான். வேற வேற தேர்வு வேற வேற காரணியைத் தரும்ங்கிறதும் அதே தேற்றம்தான். ஆக 4 × 3 × 2 = 24.

கூட்டுத்தொகைக்கு (1+2+4+8)(1+3+9)(1+5)-ஐ விரிச்சுப் பாருங்க, ஒவ்வொரு அடைப்புலேருந்தும் ஒன்னு ஒன்னா எடுத்துப் பெருக்குறோம், அதாவது 24 காரணியும் ஒவ்வொன்னும் சரியா ஒரு தடவை வந்துடும். 15 × 13 × 6 = 1170. அடுக்கு பெருசா இருந்தா ஒவ்வொரு அடைப்புக்கும் பெருக்குத் தொடர் ஃபார்முலா (pᵃ⁺¹ − 1)/(p − 1) போட்டுக்கலாம், 2³-க்கு (16 − 1)/1 = 15.

ஒன்னு மட்டும் கவனிங்க, பரீட்சையில அடிக்கடி அடிவாங்குற இடம் இது: 12-ஐ 2 × 6-ன்னு பிரிச்சு ரெண்டோட கூட்டுத்தொகையையும் பெருக்குனா 3 × 12 = 36 வரும், ஆனா 1+2+3+4+6+12 = 28 தான். 2 ரெண்டு பக்கமும் இருக்கறதால 1 × 2, 2 × 1-ன்னு ஒரே காரணி ரெண்டு தடவை எண்ணப்படுது, 6-ம் அப்படித்தான், அதான் 8 கூடுதல். 4 × 3-ன்னு பிரிச்சா 7 × 4 = 28, சரியா வரும்.