போயிட்டு வா

அன்புள்ள அண்ணா,

நானும் என் நண்பனும் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். சித்திரை வருடப்பிறப்பன்று அவனுடைய அம்மாதான் எங்கள் இரண்டு பேருக்கும் தலையில் மருத்துநீர் வைப்பா. இந்த ஏப்ரல் 16ஆம் திகதி இரவு அவன் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். என் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டதால் நான் மட்டக்களப்பை விட்டு வர முடியாது. புத்தாண்டு வாழ்த்து ஒன்றுதான் அனுப்ப முடியும். ‘இந்த இனிய நாளில் உன் வாழ்வில் இன்பம் பொங்கட்டும். ஆனால் உன் பிரிவை நினைத்து என் இதயம் கனக்கிறது’ என்று எழுதினேன். எனக்கே பிடிக்கவில்லை. வேலை கிடைத்தது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கவலையும் உண்மை. எப்படி எழுதுவது?

ம., மட்டக்களப்பு

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டு வரிகளில் முதலில் ‘ஆனால்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அது வந்த உடனே முன்னால் சொன்ன வாழ்த்து உபசாரமாகிவிடுகிறது. படிப்பவர் ‘ஆனால்’ க்குப் பின்னால் வருவதைத்தான் உங்கள் மனம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு வரியையும் இடம் மாற்றிப் போட்டாலும் சரிவராது. அப்போது கவலை உபசாரமாகிவிடும்.

அடுத்தது ‘பிரிவு’. நம்முடைய பத்திரிகைகளில் ‘பிரிவால் துயருறும்’ என்று எந்தப் பக்கத்தில் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தலின் சொல் வருடப்பிறப்பன்று ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது. அவனுடைய போனை அன்றைக்கு அம்மாவும் வாங்கிப் பார்ப்பா என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மகன் போக இரண்டு நாள் இருக்கிறது. அவ சமாளித்துக்கொண்டு பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பா.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 1993இல் என் நண்பன் ஒருவன் சவூதிக்குப் போனான். அதுவும் வருடப்பிறப்பை ஒட்டித்தான். அவன் கையில் நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். என் துக்கம் முழுவதும் அதில் இருந்தது. என் அம்மம்மா அவனுக்குக் கைவிசேஷமாக வெற்றிலையில் வைத்து ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தா. மூன்று வருடம் கழித்து வந்தபோது கடவுச்சீட்டு உறையைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினான். நான்காக மடித்தபடியே இருந்தது. மடிப்பில் வெற்றிலைக் கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது. கடிதம் எங்கே என்று கேட்டேன். “முதல் மாசம் ஒருக்கா வாசிச்சன் மச்சான். பிறகு எடுக்கப் பயமா இருந்தது” என்றான்.

அன்றைக்கு எனக்கு முகம் எரிந்தது. தூரதேசத்தில் வேலை முடிந்து வந்து படுக்கிற ஒருவனுக்கு நான் என் துக்கத்தையும் சுமக்கக் கொடுத்திருக்கிறேன். அம்மம்மா கொடுத்தது கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள். நீங்களும் அப்படி ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும். அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அம்மா வைக்கிற மருத்துநீர். நீங்கள் அதை எனக்குச் சொன்னீர்கள், அவனுக்கு எழுதவில்லை!

இனி வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் போய்த்தான் இறங்கும். படிப்பவர் மனமும் அங்கேதான் போய் நிற்கும். அதனால் கவலையை நடுவில், எச்சமாக ஓடவிடுங்கள். முடிகிற வினை நீங்கள் செய்கிற ஒரு காரியமாகவோ அவனைச் செய்யச் சொல்கிற ஒரு காரியமாகவோ இருக்கட்டும். ‘அம்மா இந்த முறை ஒரு தலைக்குத்தான் மருத்துநீர் வைப்பா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்றால் வாக்கியம் கவலையில் போய் நின்றுவிடுகிறது. ‘அம்மா இந்த முறை ஒரு தலைக்குத்தான் வைப்பா என்று நினைத்துக்கொண்டே இங்கே மருத்துநீர் வைத்துக் குளித்துவிட்டு வந்தேன்’ என்று எழுதிப் பாருங்கள். கவலை அப்படியே இருக்கிறது. ஆனால் ஆள் குளித்துப் புது உடுப்புப் போட்டு நிற்கிறார். பண்டிகை நடந்துவிட்டது.

‘சந்தோஷம்’, ‘கவலை’ என்ற இரண்டு சொற்களையுமே விட்டுவிடலாம். உங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீ வரும்போது பிள்ளை ஓடித் திரியும், பிடித்துத் தூக்கு’ என்று எழுதினால், அந்த இரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்பது அவனுக்கு விளங்கும். அவன் வருவான் என்பதும் அதே வரியில் இருக்கிறது. பிறக்கும் முன்னரே பிள்ளையைப் பற்றி எழுதுவதற்கு உங்கள் வீட்டில் யோசிப்பார்கள் என்றால் இந்த வரியை விட்டுவிடுங்கள், பிறந்த பிறகு படத்தோடு அனுப்பலாம். வீட்டுப் பெரியவர்களின் மனதையும் பார்க்க வேண்டும்.

சம்பளம், கடன், தங்கைச்சியின் கலியாணம், ‘கவனமாக இரு’ என்ற புத்திமதி, இவற்றில் ஒன்றும் வேண்டாம். அதைச் சொல்ல அவனுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் இருவருக்கும் பழக்கமான பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

“மச்சான், வருடப்பிறப்பு வாழ்த்துகள். அம்மா இந்த முறை ஒரு தலைக்குத்தான் வைப்பா என்று நினைத்துக்கொண்டே இங்கே மருத்துநீர் வைத்துக் குளித்துவிட்டு வந்தேன். என் கைவிசேஷத்தையும் அம்மாவிடம் நீயே வாங்கி உன் பாஸ்போர்ட்டுக்குள் வை. செலவழிக்காதே, வந்ததும் கேட்பேன். அடுத்த வருடம் புண்ணிய காலத்தில் கூப்பிடுவேன். இங்கே காலை ஏழு என்றால் உனக்கு அங்கே நாலரை. திட்டாமல் எடு. நீ வரும்போது பிள்ளை ஓடித் திரியும், பிடித்துத் தூக்கு. போயிட்டு வா.”

கடைசி இரண்டு சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம். நம் வீடுகளில் கடைக்குப் போகிறவரைக்கூட ‘போ’ என்று தனியாகச் சொல்லி அனுப்ப மாட்டோம். வாசலில் நின்று சொல்ல உங்களால் முடியாததை அந்த இரண்டு சொல் சொல்லிவிடும். அதற்குப் பின்னால் கும்பிடுகிற கை, அழுகிற முகம் ஒன்றும் போடாதீர்கள்.

அனுப்புகிற நேரமும் முக்கியம். புண்ணிய காலம் பிறந்த உடனே அனுப்பினால் நிறைகுடமும் குத்துவிளக்கும் போட்ட ஐம்பது படங்களுக்கு நடுவில் உங்கள் செய்தி மேலே ஏறிக் காணாமல் போய்விடும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கு ஒரு நேரம், திருக்கணிதத்துக்கு ஒரு நேரம் என்று அந்தப் படங்கள் இரண்டு தரம் வேறு வரும். கோயிலுக்குப் போய் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, அவன் கொஞ்சம் சாய்கிற நேரத்துக்கு அனுப்புங்கள். 16ஆம் திகதி இரவுக்கென்று வைத்திருக்க வேண்டாம். கட்டுநாயக்காவில் பெட்டி நிறுக்கிற வரிசையில் நின்றுகொண்டு இதைப் படித்தால் அவனால் பதில் எழுத முடியாது, அழவும் முடியாது. வருடப்பிறப்பு மத்தியானம் என்றால் பக்கத்தில் அம்மா இருப்பா. கைவிசேஷத்தை அப்போதே கேட்டு வாங்கிக்கொள்வான்.

அப்புறம், அம்மாவுக்கு முதல் நாளே போன் எடுத்துச் சொல்லி வையுங்கள், உங்கள் பங்குக்கும் ஒரு தாள் எடுத்து வைக்கச் சொல்லி.

அன்புடன்,
அண்ணா