கொல்கத்தா 2001-ஐ வைத்து பாலோ ஆன், டிக்ளேர், டிரா: கேள்வி பதில்

ஐபிஎல் மட்டுமே பார்ப்பேன். பழைய மேட்ச் ஒன்றில் இந்தியா அவுட்டான கையோடு திரும்பவும் பேட்டிங் வந்தது. ஏன்?

அதுதான் பாலோ ஆன். டெஸ்டில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ் உண்டு. ஐந்து நாள் ஆட்டத்தில் முதலில் ஆடிய அணி 200 ரன்னோ அதற்கு மேலோ முன்னிலை பெற்றால், எதிரணியை உடனே மறுபடி ஆடச் சொல்லலாம். கொல்கத்தாவில் 2001-ல் ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. வித்தியாசம் 274. ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வாஹ் ஆடச் சொன்னார்.

200 பின்தங்கினால் தானாகவே பாலோ ஆன்தானே?

இல்லை, கேப்டனின் விருப்பம். விலையும் உண்டு: பந்துவீச்சாளர்களுக்கு ஓய்வு கிடைக்காது, எதிரணி மீண்டால் தேய்ந்த ஆடுகளத்தில் கடைசியாக நாம் ஆட வேண்டிவரும். கொல்கத்தாவில் இரண்டும் நடந்தன. லட்சுமணனும் டிராவிட்டும் நான்காம் நாள் முழுக்க விக்கெட் கொடுக்காமல் ஆடினார்கள்.

அப்படியானால் ஆஸ்திரேலியாவின் தோல்விக்கு வாஹ்தான் காரணம்!

ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு முந்தைய 16 டெஸ்ட்களையும் தொடர்ச்சியாக வென்ற அணி அது. பாலோ ஆன் வாங்கிய அணி ஜெயித்தது அதுவரை இரண்டே முறை.

16 வெற்றி பழைய கதை. அந்த வெயிலில் பந்துவீச்சாளர்களைப் பார்க்க வேண்டாமா?

நியாயமான வாதம். ஆனால் இந்தியாவின் முதல் இன்னிங்ஸ் சீக்கிரமே முடிந்துவிட்டது, அவர்கள் அப்போது களைத்திருக்கவில்லை. லட்சுமணன் 281 அடிப்பார் என்று யார் கணித்திருப்பார்கள்?

இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 657/7. கையில் 3 விக்கெட் இருக்க, கேப்டன் கங்குலி ஏன் பேட்டிங்கை நிறுத்தினார்? ரன் வீண்தானே?

கேப்டனே இப்படி இன்னிங்ஸை முடித்துக்கொள்வதுதான் டிக்ளேர். டெஸ்டில் ஓவர் வரம்பு இல்லை, நேரம்தான் வரம்பு. அது ஐந்தாம் நாள் காலை. டிக்ளேர் செய்யாமல் இன்னும் ஆடியிருந்தால் பத்து விக்கெட் எடுக்க நேரம் போதாது. சீக்கிரமே நிறுத்தியிருந்தால் இலக்கு எளிதாகியிருக்கும். இலக்கு 384. தேநீர் இடைவேளையில் ஆஸ்திரேலியா 161/3, ஆட்டம் டிராவை நோக்கிப் போனது. அப்புறம் ஹர்பஜன் சுழலில் சரிந்து 212-க்குச் சுருண்டது.

ஸ்கோர் சமமானால்தானே டிரா?

அது டை. நேரம் முடியும்வரை முடிவு வராவிட்டால் டிரா. சிட்னியில் 2021-ல் 407 இலக்குக்கு இந்தியா 334/5. விஹாரியும் நம்ம அஸ்வினும் காயத்தோடு கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள்.

73 ரன் குறைவு, அப்போ தோல்விதானே?

மறுபடியும் அதேதான்! ரன்னை மட்டும் பார்க்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? பத்து விக்கெட்டையும் எடுக்காமல் ஆஸ்திரேலியா ஜெயிக்க முடியாது.

எங்கள் தெரு டீம் 12 ஓவர் மேட்சில் டிக்ளேர் செய்யலாமா?

அர்த்தமில்லை, 12 ஓவரையும் ஆடுங்கள்.